பந்தியில் ஒல்லாந்தர் வந்தால் அது ஒல்லாந்தர் காலமா?

வரலாறு வினாத்தாளில் ஒரு பந்தியைக் கொடுத்து, "இது எக்காலத்தில் எழுதப்பட்டிருக்கலாம்? எழுதியவரின் நோக்குநிலை யாது?" என்று கேட்கும் வினாவில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் புள்ளியை விடுகிறார்கள். பாடம் தெரியாததால் அல்ல. ஆண்டுகள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும், ஆனால் பந்தியில் கண்ணில் படும் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றுவிடுகிறார்கள். போன கிழமை என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது: "சேர், இதில தேசவழமை எண்டு இருக்குது, ஒல்லாந்தர் எண்டும் இருக்குது, அப்ப ஒல்லாந்தர் காலம்தானே?"

இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இதில் ஆறுதலாகச் சொல்லப்போகிறேன். அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த பந்தியையே எடுத்துக்கொள்வோம். இது எந்த நூலிலிருந்தும் எடுத்ததல்ல, பயிற்சிக்காக நானே எழுதியது, ஆனால் உள்ளே வரும் விவரங்கள் உண்மையான வரலாற்றோடு பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். இரண்டு தரம் வாசியுங்கள்.

"வட மாகாணத்துக் குடிகள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். கல்லு நிலத்தையும் தோட்டமாக்கிப் புகையிலை பயிரிடுகிறார்கள். ஆனால் வழக்காடுவதில் அவர்களுக்குள்ள ஆசைக்கு எல்லையில்லை. ஒரு பனையில் கால்வாசிப் பங்குக்காகவும் நீதிமன்றம் வருகிறார்கள். ஒல்லாந்தர் தமது காலத்தில் தேசவழமையை எழுதிவைத்துப் போயிராவிட்டால் எமது நீதவான்களின் பாடு திண்டாட்டமாயிருக்கும். அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நடத்திவரும் செமினரியில் படித்த இளைஞர்கள் ஆங்கிலம் நன்றாக எழுதுகிறார்கள்; ஆயினும் தகப்பனின் தோட்டத்துக்குத் திரும்ப மனமின்றி எமது கச்சேரி வாசலில் வேலை கேட்டு நிற்கிறார்கள். இத்தனை பேருக்கு வேலைக்கு எங்கே போவது? அடிமைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் அவர்களை விட்டுவிட விரும்பவில்லை. அரசாங்கம் இதில் அவசரப்பட்டால் அமைதி கெடும் என்பது எனது தாழ்மையான எண்ணம்."

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பந்திக்கும் இரண்டு காலம் உண்டு. ஒன்று, அது எதைப் பற்றிச் சொல்கிறதோ அந்தக் காலம். மற்றது, எழுதியவர் உட்கார்ந்து எழுதிய காலம். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம், நூறு ஆண்டு விலகியும் இருக்கலாம். வினா கேட்பது அநேகமாக இரண்டாவதை, பிள்ளைகள் எழுதுவது முதலாவதை.

யாழ்ப்பாண இராச்சியம் விழுந்த கதையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1619இல் போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனைப் பிடித்து இராச்சியத்தைத் தம் கையில் எடுத்தார்கள். இதைப் பற்றி நாம் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் இரண்டு நூல்கள் உண்டு. ஒன்று, குவேறோஸ் என்ற யேசுசபைப் பாதிரியார் எழுதியது. அவர் அதைக் கோவாவில் இருந்துகொண்டு 1680களில் எழுதினார், இலங்கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவர் எழுதும்போது போர்த்துக்கேயர் இலங்கையை முழுதாகவே இழந்துவிட்டார்கள், யாழ்ப்பாணக் கோட்டை 1658இலேயே ஒல்லாந்தரிடம் போய்விட்டது. ஆகவே வெற்றியைச் சொல்லும் பந்தியைக்கூட அவர் எழுதுவது தோல்விக்குப் பிறகு, இழந்ததை நினைத்துக்கொண்டு. மற்றது மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. அது 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக எழுதப்பட்டது. அதில் ஒரு முனிவர், பறங்கியர் வருவார்கள், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வருவார்கள் என்று அரசனிடம் முன்கூட்டியே சொல்வதாக வருகிறது. கதைக்குள் அது வருங்காலம், எழுதியவருக்கு அது நடந்து முடிந்த காலம். நடந்ததோடு அப்படியே பொருந்துகிற ஒரு தீர்க்கதரிசனத்தைப் பந்தியில் கண்டால், எழுதப்பட்டது அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இரண்டு நூல்களும் இராச்சியம் விழுந்ததைச் சொல்கின்றன, இரண்டும் 1619இல் எழுதப்பட்டவை அல்ல.

சரி, நம்முடைய பந்திக்கு வருவோம். காலத்தைக் கண்டுபிடிக்க நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றுதான்: ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை. கீழெல்லை என்றால் "இதற்கு முன் எழுதியிருக்க முடியாது" என்ற ஆண்டு. மேலெல்லை என்றால் "இதற்குப் பின் இப்படி எழுதியிருக்க மாட்டார்" என்ற ஆண்டு. பந்தியில் உள்ள ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, இது எந்த எல்லையைத் தருகிறது என்று கேளுங்கள். சில விவரங்கள் ஒன்றை மட்டும் தரும், சில இரண்டையும் தரும், சில எதையும் தராது. புகையிலை எதையும் தராது, அது ஒல்லாந்தர் காலத்திலும் பயிரானது, இன்றும் பயிராகிறது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்து போகலாம்.

அப்புறம் தேசவழமை. ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்து 1707இல் கையளித்தார். எனவே "எழுதிவைத்த தேசவழமை" என்று ஒருவர் சொன்னால் அவர் 1707க்குப் பிறகுதான் எழுதுகிறார். இது கீழெல்லை. மேலெல்லை? கிடையாது. 1806இல் பிரித்தானியர் அதை ஒழுங்குவிதியாக ஏற்றுக்கொண்டார்கள், இன்றும் காணிக்காரர் உறுதி முடிக்கும்போது அது வந்து நிற்கிறது. இன்னமும் உயிரோடு இருக்கும் ஒன்று எப்போது முடிந்தது என்று சொல்லாது. பிள்ளை தவறிய இடம் இதுதான்: தோன்றிய ஆண்டை எழுதப்பட்ட ஆண்டாக எடுத்துக்கொண்டான்.

அதே வசனத்தில் அதைவிட வலிமையான சான்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது பெயரில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. "தமது காலத்தில்", "எழுதிவைத்துப் போயிராவிட்டால்". ஒல்லாந்தர் போய்விட்டார்கள். யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்கு வந்தது 1795இல். ஆக, ஒல்லாந்தர் பெயரைச் சொல்லும் அந்த வசனமே இது ஒல்லாந்தர் காலம் அல்ல என்று சொல்கிறது. ஓர் ஆட்சியின் பெயர் பந்தியில் வந்தால் உடனே கேட்க வேண்டியது, எழுதியவர் அதைக் கண்முன்னால் இருப்பதாகச் சொல்கிறாரா, முடிந்துபோனதாகச் சொல்கிறாரா என்பதே.

அடுத்தது "வட மாகாணம்". கோல்புறூக் சீர்திருத்தங்களோடு 1833இல்தான் தீவு ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் ஓர் உத்தியோகத்தர் இப்படி எழுதியிருக்க மாட்டார். கீழெல்லை 1795இலிருந்து 1833க்கு ஏறுகிறது. (அந்த வட மாகாணத்தை இன்றைய எல்லையோடு நினைக்க வேண்டாம், 1873இல் வட மத்திய மாகாணம் பிரியும்வரை அனுராதபுரப் பக்கமும் அதற்குள்தான் இருந்தது.)

வட்டுக்கோட்டைச் செமினரி இன்னும் நல்ல சான்று. அமெரிக்க மிசன் அதை 1823இல் தொடங்கியது, 1855இல் மூடியது. தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒன்று பந்தியில் வந்தால் அதை விடக்கூடாது. அதோடு "நடத்திவரும்" என்று நிகழ்காலத்தில் இருக்கிறது, ஆகவே எழுதும்போது செமினரி நடக்கிறது. மேலெல்லை 1855.

கடைசியாக, "அடிமைகளை வைத்திருக்கும் குடும்பங்கள்". வாசிக்க மனம் கூசும் வசனம், ஆனால் இது யாழ்ப்பாணத்தின் வரலாறுதான், மறைக்க ஒன்றுமில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். இவர் அதை நடந்துகொண்டிருக்கும் ஒன்றாகவும், அரசாங்கம் இனிமேல் கைவைக்க யோசிக்கும் ஒன்றாகவும் எழுதுகிறார். மேலெல்லை 1855இலிருந்து 1844க்கு இறங்குகிறது.

இப்போது பாருங்கள், 1833க்கும் 1844க்கும் நடுவே வந்துவிட்டோம். "பிரித்தானியர் காலம்" என்று மட்டும் எழுதினால் 1795 முதல் 1948 வரை நூற்றைம்பது ஆண்டுக்கு மேல், அது தவறில்லை, ஆனால் அரைகுறை. அதே பந்தியிலிருந்து பதினொரு ஆண்டுக்குள் கொண்டுவர முடியும்போது ஏன் விட வேண்டும்? அதற்காக "1838" என்று ஒரே ஆண்டைக் குறித்துவிடவும் கூடாது, அதற்குப் பந்தியில் ஆதாரம் இல்லை. எல்லைகளைச் சொல்லி, ஒவ்வொரு எல்லைக்கும் எந்தச் சொல் காரணம் என்று சொல்லுங்கள், அதுதான் முழு விடை.

இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, பந்தியில் இல்லாததை வைத்துத் தீர்மானிப்பது. "ரெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனவே ரெயில் வருவதற்கு முன்" என்று எழுதுகிறார்கள். ஒன்பது வசனப் பந்தியில் ரெயில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அவர் பேசுவது வழக்கைப் பற்றி. ஒன்று கட்டாயம் சொல்லப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் சொல்லப்படாமல் இருந்தால் மட்டுமே அந்த மௌனம் சான்றாகும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. நாங்கள் தமிழில் வாசிக்கும் இப்படியான பந்திகள் பலவும் போர்த்துக்கேய, ஒல்லாந்த, ஆங்கில மூலங்களிலிருந்து வந்தவை. தமிழ்நடை பழையதாக இருக்கிறது என்றோ புதிதாக இருக்கிறது என்றோ காலத்தைச் சொன்னால், அது மொழிபெயர்த்தவரின் காலமே தவிர எழுதியவரின் காலம் அல்ல. "இலங்கை" என்று இருப்பதை வைத்து 1972க்குப் பிறகு என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. 1972இல் மாறியது ஆங்கிலத்தில் வழங்கிய சிலோன் என்ற பெயர், தமிழில் இலங்கை எப்போதுமே இலங்கைதான். மாகாணம் என்ற சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும், வெறுமனே ஒரு பகுதி என்ற பொருளில் இருந்ததை மொழிபெயர்ப்பாளர் மாகாணம் ஆக்கியிருக்கலாம். நம் பந்தியில் அந்த ஐயம் வந்தாலும் பெரிய சேதமில்லை: அந்தச் சான்றை எடுத்துவிட்டாலும் செமினரி இருக்கிறது, 1823க்கும் 1844க்கும் இடையே நிற்போம். அதிலும் இளைஞர்கள் படித்து முடித்து வேலைக்கு வந்து நிற்பதால் தொடங்கிச் சில ஆண்டு கழிந்திருக்க வேண்டும். ஒரே சான்றில் எல்லாவற்றையும் தொங்கவிடாமல் இருப்பதன் பலன் இது.

இனி நோக்குநிலை. இதற்கு வழமையாக வரும் விடை: "எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பக்கச்சார்பாக எழுதியுள்ளார்." இதில் முதல் வசனம் ஆள் யார் என்பது, இரண்டாவது எந்தப் பந்திக்கும் எழுதக்கூடியது. கேள்வி கேட்பது அவர் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார், அங்கிருந்து பார்ப்பதால் எது பெரிதாகத் தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்பதை.

எங்கே நிற்கிறார் என்பதற்குப் பந்தியில் "எமது" என்ற சொல்லைத் தேடுங்கள். எமது நீதவான்கள், எமது கச்சேரி. அதற்கு எதிர்ப்பக்கத்தில் குடிகள், "அவர்கள்". ஒல்லாந்தரும் "தமது காலத்தில்" என்று தள்ளியே நிற்கிறார்கள், அமெரிக்க மிசனரிமாரும் வெளியேதான் நிற்கிறார்கள். ஆக, அவர் பிரித்தானிய நிர்வாகத்துக்கு உள்ளே இருப்பவர். மிசனரி இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: செமினரியைப் பற்றிச் சொல்லும்போது பைபிளோ மதமாற்றமோ பேச்சில் இல்லை, வேலை கேட்டு வருபவர்களின் தொகைதான் அவர் கவலை. அதே செமினரியைப் பற்றி ஒரு மிசனரி எழுதியிருந்தால் எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள் என்று எண்ணியிருப்பார். ஒருவர் எதை எண்ணுகிறார் என்று பாருங்கள், அவருடைய வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

யாருக்கு எழுதுகிறார்? "எனது தாழ்மையான எண்ணம்" என்று முடிகிறது. வீட்டுக்கு எழுதும் கடிதத்திலோ நாட்குறிப்பிலோ இப்படி வராது. மேலிடத்துக்குப் போகும் அறிக்கை அது. அறிக்கை எழுதுபவருக்கு ஒரு தேவை இருக்கும், இங்கே அது கடைசி இரண்டு வசனத்தில் இருக்கிறது: அரசாங்கம் அடிமைமுறையில் அவசரப்பட வேண்டாம். அதற்கு அவர் சொல்லும் காரணம் "அமைதி கெடும்". யாருடைய அமைதி? அடிமையாக இருப்பவருக்கு அது அமைதியா என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. வைத்திருப்பவர்களுக்கு என்ன விருப்பம் என்று சொல்கிறார், வைத்திருக்கப்பட்டவர்களின் விருப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் மேலே சொன்ன, சான்றாகும் மௌனம் இதுதான், ஏனென்றால் அவர் பேசும் விடயத்தின் நடுவிலேயே அந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் வழக்காடும் ஆசை. இந்த வசனத்தை நான் பிள்ளைகளோடு நீண்டநேரம் வைத்திருப்பேன். இதில் ஒரு செய்தியும் ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செய்தி: சிறு பங்குகளுக்காகவும் வழக்குகள் வருகின்றன. தீர்ப்பு: அது அவர்களுடைய ஆசை, குணம். செய்தியை ஏற்றுக்கொண்டு தீர்ப்பை மட்டும் கேள்வி கேட்கலாம். தேசவழமையின்படி முதுசம் வேறு, சீதனம் வேறு, தேடியதேட்டம் வேறு, ஒவ்வொன்றும் போகும் வழி வேறு. காணி பிள்ளைகளிடையே பங்காகி, பங்கு மீண்டும் பங்காகி, ஒரு வளவுக்குள் நாலு பேருக்கு உரித்து வரும். விற்பதென்றாலும் பங்காளிக்குத்தான் முதலில் கேட்க வேண்டும். இப்படியொரு முறையில் கால்வாசிப் பனையும் பெறுமதியான சொத்துத்தான், அதைப் பாதுகாக்க நீதிமன்றம் போவது குணக்கேடு அல்ல. எழுதியவர் தேசவழமை தமக்கு உதவுகிறது என்று சொல்கிறார், ஆனால் வழக்குக்கும் அதற்கும் உள்ள தொடர்பை அவர் காணவில்லை. கச்சேரி மேசையிலிருந்து பார்ப்பவருக்கு வழக்கு என்பது குவியும் வேலை, காணிக்காரனுக்கு அது பிள்ளையின் சீதனம்.

புகழ்ச்சியையும் சும்மா விட வேண்டாம். "உழைப்புக்கு அஞ்சாதவர்கள்" என்று தொடங்குவதால் "எழுதியவர் தமிழர்மீது அன்பு கொண்டவர்" என்று எழுதுகிறார்கள். தோட்டத்தில் நிற்கும்வரை புகழ்கிறார், அதே வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் படித்துக் கச்சேரி வாசலுக்கு வந்ததும் அது தொல்லையாகிவிடுகிறது. புகழ்ச்சி முதல் வரியில், ஆட்சேபம் நடுவில், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோக்குநிலை பிடிபடும்: ஆளப்படுபவர்கள் அவரவர் இடத்தில் உழைத்துக்கொண்டு இருந்தால் நல்லது, இடம் மாறினால் கவலை.

விடையை எழுதும்போது சொல்வது, காட்டுவது, விளக்குவது என்று மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும். நோக்குநிலைக்கு நான் ஏற்றுக்கொள்ளும் விடை இப்படி இருக்கும்: "எழுதியவர் பிரித்தானிய நிர்வாகத்தைச் சேர்ந்த ஓர் உத்தியோகத்தர். 'எமது நீதவான்கள்', 'எமது கச்சேரி' என்ற சொற்களால் இது தெரிகிறது. மக்களின் நன்மையைவிட நிர்வாகம் தடையின்றி நடப்பதையே அவர் முக்கியமாகக் கருதுகிறார். அடிமைமுறையை அவசரப்பட்டு நீக்கினால் 'அமைதி கெடும்' என்று அஞ்சும் அவர், அடிமைகளின் நிலை பற்றி எதுவும் கூறவில்லை." நீளமில்லை, ஆனால் மேற்கோள் குறிக்குள் பந்தியின் சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது என்பதும் இருக்கிறது. மேற்கோள் மட்டும் எடுத்து எழுதி, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்லாமல் விடுவதும் பாதி விடைதான்.

இன்னொரு பழக்கத்தை நிறுத்த வேண்டும்: பக்கச்சார்பு இருக்கிறது, ஆகவே இந்த மூலாதாரம் பயனற்றது என்று முடிப்பது. இப்படி ஒரு பந்தி உண்மையில் கிடைத்தால், காணிக்காரரின் எண்ணத்தை அறிய அது உதவாதுதான். ஆனால் நிர்வாகம் அவர்களை எப்படிப் பார்த்தது என்பதை அறிய இதைவிட நல்ல சான்று வேறில்லை, அந்தப் பக்கச்சார்பே நமக்கு வேண்டிய செய்தி. குவேறோஸும் அப்படித்தான். 1619இல் யாழ்ப்பாணத்தார் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவரைச் சாட்சியாக நிறுத்தக்கூடாது. இழந்த ஒரு நாட்டைப் பற்றி 1680களில் கோவாவில் ஒரு பாதிரியார் எப்படி நினைத்தார் என்பதற்கு அவரே நேர்ச்சாட்சி. எந்தக் கேள்விக்கு என்று சொல்லாமல் ஒரு மூலாதாரத்தை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

கையை விட்டுப் பழக ஒரு மாற்றம் செய்து பாருங்கள். அதே பந்தியில் "நடத்திவரும் செமினரி" என்பதை "நடத்திவந்த செமினரி" என்று ஆக்குங்கள். அடிமைகள் பற்றிய இரண்டு வசனத்தையும் எடுத்துவிட்டு, "கொழும்பிலிருந்து இங்கே புகையிரதம் இன்னும் வரவில்லை" என்று ஒரு வசனம் சேருங்கள். செமினரி மூடிய பிறகு என்பதால் கீழெல்லை 1855க்குப் போகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரெயில் வந்தது 1905இல், எனவே மேலெல்லை அது. ஆனால் அந்த "இன்னும்" என்ற சொல்லில் நில்லுங்கள். ரெயிலை எதிர்பார்க்காதவர் "இன்னும் வரவில்லை" என்று எழுத மாட்டார், இலங்கையின் முதல் ரெயில் பாதை கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு 1865இல் திறக்கப்பட்டது, ஆகவே அதற்குப் பிறகு என்று கொள்வதே பொருத்தம். 1865க்கும் 1905க்கும் நடுவே. நான் பத்துப் பேருக்கு இதைக் கொடுத்தேன், ஒன்பது பேர் 1855க்கும் 1905க்கும் இடையே என்று எழுதினார்கள், சரியான விடைதான். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை மட்டும் "இன்னும்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தான்.